கரையோடு கரை

ஜூன் 11

வாய்தான் குழறுகிறது, வலக்கை குழறவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த டைரி பம்பு கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தது. சுடலைமணி மோட்டார் வைண்டிங் என்று என் கடைப் பெயரை மேலே பொன்னெழுத்தில் அச்சடித்துக் கொடுத்தான். கடை பூட்டிக் கிடக்கிறது. டைரிக்காவது வேலை இருக்கட்டும்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இடக்கால் இழுத்து இழுத்து நடக்கும். இடக்கை என் தோளில் யாரோ மாட்டிவிட்டுப் போன சாமான் மாதிரி தொங்குகிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு ரப்பர் வைத்த கால்சட்டை வாங்கி வைத்திருக்கிறாள் என் வீட்டுக்காரி புஷ்பகலா. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மீசை முளைத்த நாள் முதல் நான் சாரம் கட்டுகிறவன். மெட்ராஸ்காரன் லுங்கி என்பான், மதுரைக்காரன் கைலி என்பான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சாரம்.

ஜூன் 13

சாரம்தான் கட்டுவேன் என்று சாப்பிடாமல் கிடந்தேன். மத்தியானம் புஷ்பம் இறங்கி வந்தாள். என் முன்னால் நின்று சாரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டாள். குனிந்து கீழ்க்கரையை இழுத்துச் சரிசெய்தாள். எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வயதாகிறது அவளுக்கும்.

சாம்பார் நன்றாக இருந்தது.

ஜூன் 16

பிசியோதெரபிக்குக் கிளாடிஸ் என்று ஒரு பிள்ளை வருகிறது. வயது முப்பதுக்குள் இருக்கும். வாரம் ஒரு நாள் வரும். மற்ற நாளெல்லாம் போட்டோ அனுப்ப வேண்டுமாம்.

“வெள்ளைச் சுவத்துக்கு முன்னால நேரா நில்லுங்க அங்கிள். முழு உருவமும் தெரியணும். ஆன்ட்டி எடுத்து வாட்ஸ்அப்ல போடட்டும்.”

ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு நான் சாரத்தோடு நிற்கிற படத்தைத் தினமும் அனுப்பவா? என்ன கூத்து இது! வாய் குழறினாலும் கத்தினேன். அந்தப் பிள்ளை அசையவில்லை. “சாரம்தான் வேணும். அதுவும் பெரிய கட்டம் போட்டது” என்றது.

விஷயம் இதுதான். கட்டத்தின் நெடுக்குக் கோடு நேரே தரைக்கு இறங்க வேண்டும். படுக்கைக் கோடு தரையோடு ஒத்து ஓட வேண்டும். நான் வலக்காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நின்றால் இடுப்பு ஒரு பக்கம் ஏறிவிடும், கோடெல்லாம் சாய்ந்து ஓடும். கால்சட்டையில் இது தெரியாது. சாரத்தில் தப்பாமல் தெரியும். என்னைக் கணக்குப் பரீட்சைக் கிராப் தாள் ஆக்கிவிட்டது அந்தப் பிள்ளை.

எனக்குப் பொடிக்கட்டம்தான் பிடிக்கும். பெரிய கட்டம் ரவுடிப் பயல்கள் கட்டுவது.

ஜூன் 17

புஷ்பம் வாங்கி வந்த பெரிய கட்டத்தில் படம் போயிற்று. கோடு கோணல். பதில் வந்தது: “இடது கால்லயும் நில்லுங்க அங்கிள். அதுவும் உங்க கால்தான்.”

வாய்த்துடுக்கு.

ஜூன் 22

கிளாடிஸ் பழைய போட்டோ கேட்டாள். முன்னால் எப்படிக் கட்டுவேன் என்று பார்க்க வேண்டுமாம். புஷ்பம் கடையைத் திறந்து சுவரில் மாட்டியிருந்த வாலிபால் போட்டோக்களையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே எங்கள் கல்யாணப் போட்டோ.

வாலிபால் போட்டோ பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எங்கள் குழுவில் யாரிடமும் அரைக்கால் சட்டை கிடையாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டுதான் ஆடுவோம். இப்போது யாரும் ஆடுவதில்லை, தொப்பைதான் ஆடுகிறது. ஆனாலும் ஆகஸ்ட் பதினைந்து அன்று மைதானத்தில் கூடுவோம். வருஷத்துக்கு ஒருத்தன் முறைவைத்து எல்லோருக்கும் ஒரே கட்டத்தில் சாரம் எடுத்துத் தருவான். அதை முட்டிக்கு மேலே மடித்துக் கட்டி வரிசையாக நின்று ஒரு போட்டோ. பேன்ட் போட்டவனுக்குப் படத்தில் இடமில்லை. மடித்துக் கட்டாதவனுக்கும் இல்லை. ஒரு வருஷம் தாசில்தார் ஆபீசில் கொடியேற்றிவிட்டு நேரே பேன்ட்டோடு வந்த பயலை விரட்டியே விட்டோம். விரட்டியது நான்தான்.

கிளாடிஸ் எல்லாப் படத்தையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள். “அங்கிள், உங்க மடிப்பு எல்லாப் படத்துலயும் வலப்பக்கம்தான் முடியுது” என்றாள்.

ஆமாம். அது பிறவிப் பழக்கம். என் சாரம் மூட்டாதது, தையல் போட்டு வளையமாக்காத வெறும் துணி. முதுகுக்குப் பின்னால் பிடித்தால் கைக்கு ஒரு முனை வரும். வலக்கை முனையை வயிற்றின் மேல் கொண்டுபோய் இடது இடுப்பில் செருகுவேன். அதன் மேல் இடக்கை முனையைப் போர்த்திக்கொண்டு வந்து வலது இடுப்பில் முடிப்பேன். பிறகு இரண்டு கட்டை விரலும் சேர்ந்து மேல் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு சுருட்டு. அவ்வளவுதான். கீழே உள்கரையும் வெளிக்கரையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். கரையோடு கரை சேரவில்லை என்றால் அவன் சாரம் கட்டத் தெரியாதவன்.

“அப்ப மேல் மடிப்பக் கொண்டு வர்றது இடது கை” என்றாள். “உங்க பாடம் இதுதான் அங்கிள். நீங்களே கட்டணும். மூட்டிராதீங்க. மூட்டினா ஒத்தக் கையே சமாளிச்சிரும்.”

கல்யாணப் போட்டோவில் ஜரிகைக்கரை வேட்டி. அதிலும் மடிப்பு வலப்பக்கம். புஷ்பம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் எனக்கு முடி நிறைய.

ஜூன் 25

அல்போன்ஸ் வந்தான். ஒண்ணாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. இந்த வருஷம் அவன் முறை. நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். புஷ்பத்திடம் பேசியது கேட்டது.

“புதுத் துணி, கஞ்சி மொடமொடன்னு இருக்கு. இப்படியே கட்டினா வழுக்கிரும். ரெண்டு தண்ணி போட்டுக் கொடுங்க மைனி. அந்த மூதிக்கிட்டச் சொல்லுங்க, அவன் இல்லாம போட்டோ கெடையாதுன்னு.”

போனபின் பிரித்துப் பார்த்தேன். நீலத்தில் பெரிய பெரிய கட்டம். இவனுக்கு ரசனை என்று ஒன்று பிறக்கும்போதே கிடையாது.

நான் போகப்போவதில்லை.

ஜூன் 30

முயன்றேன். முடியவில்லை. முனை நழுவி நழுவி விழுகிறது. புஷ்பம் கட்டிவிட்டாள். படம் அனுப்பினோம். நானே கட்டியது என்று எழுதச் சொன்னேன். சின்ன விஷயம்தானே.

ஜூலை 4

எல்லா நாளும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. இன்று கிளாடிஸ் நேரில் வந்து கேட்டாள்.

“ஆன்ட்டிதான தெனமும் கட்டுறாங்க?”

“யார் சொன்னா?”

“உங்க இடுப்பு சொல்லுது. பழைய போட்டோல சுருட்டு வெளிய தெரியும். இதுல சுருட்டே இல்ல. சேலையச் செருகுற மாதிரி உள்ள செருகியிருக்கு. ஒரு படத்துல கொசுவம்கூட இருக்கு.”

அவசரத்தில் நான் ஒன்று சொல்லிவிட்டேன். “அவதான் விடமாட்டேங்கா” என்று.

புஷ்பம் அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் மட்டும் பேசியது.

ஜூலை 5

காலையில் சாரத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

“இனிமே நான் கட்ட மாட்டேன். நான்தான விடமாட்டேங்கேன்? இப்ப விட்டுட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். ரப்பர் கால்சட்டையைத்தான் போட்டேன். கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

ஜூலை 9

இன்று நானே கட்டினேன். நன்றாக வந்த மாதிரித்தான் இருந்தது. சிலிண்டர்காரர் வந்தார். கதவைத் திறந்து “உள்ள வைங்க” என்று சொல்லி நிமிர்ந்தேன். சாரம் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே பட்டாபட்டி டிரவுசர் இருந்தது என் முன்னோர் செய்த புண்ணியம். அந்த மனுஷன் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். “மெதுவாக் கட்டுங்க அண்ணாச்சி, எனக்கு அவசரமில்ல” என்றார்.

புஷ்பம் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வெகுநாள் கழித்துச் சிரிக்கிறாள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 14

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இடது இடுப்பைச் சுவரில் முட்டுக்கொடுத்தால் இடது முனையைச் சுவர் பிடித்துக்கொள்ளும். வலது முனையை வலக்கையால் வயிற்றின் மேல் இழுத்து இடப்பக்கம் செருகிவிடலாம். பிறகு கையாலேயே ஒரு சுருட்டு. நிற்கிறது! படம் அனுப்பினேன். சுருட்டு வெளியே தெரிகிறது, பார்த்துக்கொள் என்று எழுதினேன்.

பதில்: “சூப்பர் அங்கிள். ஆனா மடிப்பு இடப்பக்கம் முடியுது. சுவத்துக்குப் பதிலா இடது கை எப்ப வேலைக்கு வரும்?”

இவளுக்கு எதைச் செய்தாலும் போதாது.

ஜூலை 15

கை பயிற்சி. துணிக் கிளிப்பை இடக்கை விரலால் அமுக்கித் திறக்க வேண்டும். கொடியில் மாட்ட வேண்டும். கிளிப் திறக்கவில்லை. நான்தான் அழு... இல்லை, அழவில்லை, கிளிப்பைத் தூக்கி எறிந்தேன். வலக்கையால்.

ஜூலை 23

புஷ்பம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நானே பீரோக் கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் அலறியது.

“அங்கிள்! வலப்பக்கம் முடியுது! இடது கை வந்திருச்சா?”

சட்டென்று குனிந்து பார்த்தேன். மடிப்பு இடப்பக்கம்தான் இருந்தது, சுவர் கட்டிவிட்ட மாதிரியே. அதற்குள் அவளும் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஓ... சட்டைப் பை வலப்பக்கம் இருக்கு. இது கண்ணாடிப் படமா அங்கிள்? எல்லாம் மாறித் தெரியும்.” பிறகு “பரவால்ல” என்றாள்.

அந்தப் பிள்ளையின் குரல் இறங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு ஆசையாகவா இருந்தாள்?

சாயங்காலம் கிளிப்பைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஜூலை 24

கிளிப்.

ஜூலை 25

கிளிப். ஒன்று திறந்தது. புஷ்பத்தைக் கூப்பிடுவதற்குள் விழுந்துவிட்டது. அவள் நம்பிய மாதிரி தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 2

கட்டம் முன்னைப்போலச் சாயவில்லை என்கிறாள் கிளாடிஸ். ஜூன் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அன்று சரிந்த பந்தல் மாதிரி நின்றிருக்கிறேன். இன்று கோடு ஏறக்குறைய நேர். கால் தேறியதை ஒத்துக்கொள்கிறேன். கை மட்டும் என்னை மறந்துவிட்டது.

“கை உங்கள மறக்கல. நீங்கதான் அத மறந்துட்டீங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னே நெனக்காம நடமாடுறீங்க.”

ஆகஸ்ட் 8

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

குளித்து, சட்டை மாட்டி, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அல்போன்ஸ் தந்த புதுச்சாரம்தான் இடுப்பில், கட்டுவதற்கு முன் இரண்டு முனையையும் வலக்கையில் சேர்த்துப் பிடித்த நிலை. ரெண்டு தண்ணி போட்டதில் மெத்தென்றாகிவிட்டது. அப்போது வாசலில் அல்போன்ஸ் குரல்.

“மைனி, அந்தப் பயல் இன்னுமா தூங்குதான்? தோட்டத்து மோட்டார் பொகஞ்சு போச்சு. மேலத்தெருக் கடைக்காரன்கிட்டயே கொடுத்துரலாம்னு பாக்கேன்.”

மேலத்தெருக்காரனா! அவன் கம்பியில் வார்னிஷ் காயுமுன்னே மோட்டாரை மாட்டிக் கொடுக்கிற பயல். எனக்கு வந்த ஆத்திரத்தில் “ஏல, அவன்கிட்டக் கொடுத்தேன்னா உன் தோட்டம் கருகிரும்ல!” என்று கத்திக்கொண்டே சாரத்தைக் கட்டி வாசலுக்குப் போய்விட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் நடந்து வருவதை ஆஸ்பத்திரிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறான். துண்டால் முகத்தைத் துடைத்தான். வெயில் அதிகம் இன்று.

அவன் போனபின் புஷ்பம் வழக்கம்போலப் படம் எடுத்து அனுப்பினாள். கிளாடிஸ் உடனே போனில் பேசினாள்.

“ஆன்ட்டி, இன்னைக்கும் கண்ணாடியிலயா எடுத்தீங்க?”

“இல்லையே, நேராத்தான் எடுத்தேன்.”

“மடிப்பு வலப்பக்கம் முடியுதே.”

புஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். பிறகு போனில் கிளாடிஸ் கேட்டது காதில் விழுந்தது: “சட்டைப் பை எந்தப் பக்கம் ஆன்ட்டி?”

புஷ்பம் கிட்டே வந்து என் சட்டைப் பையில் கை வைத்தாள். “இடப்பக்கம்” என்றாள். “இடப்பக்கம்தாம்மா இருக்கு.”

அப்புறம் அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டாள். “அங்கிள், சுவத்துல சாஞ்சா கட்டினீங்க?”

கூடத்தின் நடுவில் சுவர் ஏது? எப்படிக் கட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. மேலத்தெருக்காரன்தான் மனதில் இருந்தான். ஆனால் மேல்மடிப்பு வலது இடுப்பில் இருக்கிறது. அதை அங்கே கொண்டு வர உலகத்தில் ஒரே ஒரு கைதான் உண்டு.

புஷ்பம் என் இடக்கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. அது தெரிந்தது எனக்கு.

ஆகஸ்ட் 9

யோசித்துக் கட்டினால் வரவில்லை. சவத்துக்கை, நான் பார்க்கும்போது நடிக்கிறது.

ஆகஸ்ட் 11

கிளாடிஸ் யோசனைப்படி, கட்டும்போது புஷ்பம் என்னிடம் சண்டைக்கு வருகிறாள். மேலத்தெருக்காரனை ஓகோவென்று புகழ்கிறாள். இரண்டு தடவை முனை நழுவிற்று. மூன்றாவது தடவை வலப்பக்கம் வந்தது. கரை சேரவில்லை, வெளிக்கரை தாழ்ந்து தொங்குகிறது. இருந்தாலும் வந்தது.

“நல்லாத் திட்டுதேனா?” என்று கேட்டாள். இவ்வளவு காலம் பழகியிருக்கிறாளே, கேட்க வேண்டுமா!

அப்போதுதான் சொன்னேன், அன்றைக்கு அவள்மேல் பழி போட்டது தப்பு என்று. “அத அன்னைக்கே மறந்துட்டேன்” என்றாள். மறக்கவில்லை. ஆனால் காப்பியில் சர்க்கரை கூடப் போட்டிருந்தாள், டாக்டர் சொன்னதையும் மீறி.

ஆகஸ்ட் 14

கட்டுவது ஒன்று. மடித்துக் கட்டுவது வேறு. அதற்குக் குதிகாலால் கீழ்க்கரையைப் பின்னுக்குத் தட்டி, மேலே எழும்பும்போது கையால் பிடித்து, இரண்டு கையும் இரு பக்கமும் கரையைத் தூக்கி, பாதியாக மடித்து, இடுப்பில் முன்னால் ஒரு முடிச்சு. ஊரில் நடக்கிற பயல்கள் பேசிக்கொண்டே செய்வார்கள். நான் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. செய்து பார்த்து வரவில்லை என்றால் நாளைக்குப் போக மாட்டேன், அது எனக்கே தெரியும். அதனால் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15

போனேன்.

மைதானத்தில் எல்லாப் பயலும் நீலக் கட்டத்தில் நின்றான். வயல்வெளியில் கொடி ஏற்றின மாதிரி பளபளவென்று. நான் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்து வந்து வரிசையில் நின்றேன். ஒருத்தன் “மணி, நீ சும்மா நில்லு, மடிக்க வேண்டாம்” என்றான். இன்னொருத்தன் நாற்காலி கொண்டு வந்தான்.

“நாற்காலிய எடுல” என்றேன். “மடிச்சுக் கட்டாதவனுக்குப் படத்துல எடம் கெடையாது. விரட்டினது நான்தான?”

அன்று விரட்டப்பட்ட பயலும் அங்கேதான் நின்றான். அவன்தான் முதலில் சிரித்தான்.

குதிகாலால் தட்டுவது நடக்காத காரியம். குனிந்தேன். வலக்கை வலப்பக்கக் கரையைத் தூக்கிவிட்டது. இடக்கை கீழே போயிற்று, விரல் கரையைத் தொட்டது, பிடித்தது, நழுவிற்று. மறுபடி போயிற்று. கால் நடுங்கியது. அல்போன்ஸ் கை என் பக்கம் நீண்டது.

“கைய எடுவே!”

எடுத்துவிட்டான். கிளிப்பை நினைத்துக்கொண்டேன். கிளிப்பை அமுக்குகிற மாதிரி கரையை அமுக்கினேன். வந்தது. முட்டி வரை வந்தது. இடுப்பு வரை வந்தது. வலக்கை பாய்ந்து போய் வாங்கி ஒரு முடிச்சுப் போட்டது. ஒரு பக்கம் முட்டிக்கு மேலே, ஒரு பக்கம் முட்டிக்குக் கீழே, கட்டமெல்லாம் நாலா பக்கமும் ஓடுகிறது. ஆனால் நிற்கிறது. கையை எடுத்துப் பார்த்தேன். நின்றது.

ஸ்டூடியோக்காரர் “எல்லாரும் இங்க பாருங்க” என்று மூன்று தரம் கத்தினாராம். எனக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

படம் வந்தது. ஒரு பயல்கூட கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து என் இடுப்பைப் பார்க்கிறார்கள். அல்போன்ஸ் வாய் பிளந்திருக்கிறது. நான் மட்டும் நேரே பார்த்து முறைத்துக்கொண்டு நிற்கிறேன். வேறு படம் எடுத்திருக்கலாமே என்றால், இதுதான் வேண்டும் என்று எல்லாப் பயலும் பிரதி கேட்டு வாங்கிவிட்டான்.

கிளாடிஸுக்கு அனுப்பினேன். சட்டைப் பை எந்தப் பக்கம் என்றும் நானே எழுதிவிட்டேன். “கட்டம் ரொம்பக் கோணல் அங்கிள்” என்று பதில் வந்தது. பின்னாலேயே ஒரு வரி: “இந்தப் படத்த நான் என் கிளினிக்ல மாட்டிக்கலாமா?”

மாட்டிக்கொள்ளட்டும். கடையில் மாட்டவும் ஒன்று வேண்டும். நாளைக் காலையில் கடை திறக்கிறோம். அல்போன்ஸ் மோட்டார் காத்துக் கிடக்கிறது. செம்புக் கம்பிக் காயில் சுற்ற நாள் ஆகும், சொல்லிவிட்டேன். ஆகட்டும் என்றான்.

அடுத்த வருஷம் சாரம் எடுக்கிற முறை என்னுடையது. புஷ்பம் இப்போதே கேட்கிறாள், பொடிக்கட்டம்தானே என்று.

இல்லை, பெரிய கட்டம். எவன் எப்படி நிற்கிறான் என்று தெரிய வேண்டாமா?